கையெழுத்துக்கு முன் படிக்க வேண்டிய இரண்டு ஏடுகள்

(பேரணாம்பட்டில் தோல் வணிகர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இந்த அரங்கில் தோல் ஷாப்பு நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். அவர்களுக்குக் குரோமும் சாயமும் கடனுக்குக் கொடுக்கிறவர்கள் இருக்கிறீர்கள். பெரியமேட்டிலிருந்து சரக்கு பிடித்து அனுப்புகிறவர்கள், ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறவர்கள், கணக்கு எழுதுகிறவர்கள் எல்லாரும் வந்திருக்கிறீர்கள். முந்தைய தலைமுறையில் எதிரே உட்கார்ந்து வாக்குக் கொடுத்தவர் ஷாப்பின் முதலாளி. அவர் சொன்னால் சொன்னதுதான். இன்று அதே நாற்காலியில் அவருடைய மகன் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் முதலாளி அல்ல, ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் டைரக்டர். சரக்கு வாங்குவதும் கடன் வாங்குவதும் கம்பெனி. அவர் அதன் சார்பில் பேசுகிறார், கையெழுத்துப் போடுகிறார், அவ்வளவுதான்.

இதில்தான் இன்றைய கேள்வி இருக்கிறது. பணம் கை மாறி ஒரு வருடம் கழித்து, “அவர் கையெழுத்துப் போட்டது உண்மைதான். ஆனால் அவருக்கு அந்த அதிகாரத்தை நாங்கள் கொடுக்கவில்லை” என்று கம்பெனி சொன்னால், பணம் கொடுத்த வெளியாளின் கதி என்ன?

ஒரே வார்த்தையில் இதற்குப் பதில் கிடையாது. எந்த எல்லை மீறப்பட்டது என்பதைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். கம்பெனி தன் வீட்டுக்குள் செய்துகொள்ள வேண்டிய ஒரு காரியத்தைச் செய்யாமல் விட்டிருந்தால், சட்டம் பெரும்பாலும் வெளியாள் பக்கம் நிற்கும். கம்பெனி எதற்காகப் பிறந்ததோ அந்த நோக்கத்தையே தாண்டிப் போயிருந்தால், வெளியாளைச் சட்டம் கைவிட்டுவிடும். முதலாவதை உள்நிர்வாகக் கோட்பாடு என்கிறோம். இரண்டாவது, வரம்பு கடந்த செயல். வக்கீல்கள் அல்ட்ரா வைரீஸ் என்பார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் உங்கள் பணத்தில் பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

ஊரார் பார்க்கக்கூடிய ஏடுகள்

ஒவ்வொரு கம்பெனிக்கும் இரண்டு ஏடுகள் உண்டு. ஒன்று மெமோராண்டம். கம்பெனி எந்தத் தொழிலுக்காகத் தொடங்கப்பட்டது என்பதை அதன் நோக்கப் பிரிவு சொல்லும். மற்றொன்று ஆர்ட்டிகிள்ஸ். உள்ளே யார் யாருக்கு என்ன அதிகாரம், எதற்குக் கூட்டம் போட வேண்டும், பத்திரத்தில் யார் கையெழுத்திட வேண்டும் என்பதை அது சொல்லும். இரண்டும் கம்பெனிப் பதிவாளரிடம் இருக்கின்றன. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 399ஆம் பிரிவுப்படி யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். இப்போது அதற்காகச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

யாரும் பார்க்கலாம் என்ற வசதிக்குள் ஒரு பொறுப்பும் ஒளிந்திருக்கிறது. நீங்கள் பார்த்தீர்களோ இல்லையோ, பார்த்துவிட்டீர்கள் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். “எனக்குத் தெரியாது” என்ற வாதம் அங்கே எடுபடாது. இதனால் வெளியாள் தலையில் பெரிய பாரம் ஏறிவிட்டது. அந்தப் பாரத்தைக் கொஞ்சம் இறக்கிவைக்கத்தான் உள்நிர்வாகக் கோட்பாடு வந்தது.

அது பிறந்த கதை சுருக்கமானது. இங்கிலாந்தில் நிலக்கரியும் ரயில்பாதையும் சேர்ந்த ஒரு கம்பெனிக்கு ராயல் பிரிட்டிஷ் வங்கி 2,000 பவுன் கடன் கொடுத்தது. பொதுக்கூட்டத் தீர்மானம் அனுமதிக்கும் அளவுக்கு டைரக்டர்கள் கடன் வாங்கலாம் என்று கம்பெனியின் விதியில் இருந்தது. கம்பெனி நொடித்துக் கலைக்கப்பட்டபோது, அதன் சார்பில் நின்றவர் டர்குவாண்ட் என்ற அதிகாரி. முறையான தீர்மானம் இல்லை, ஆகவே கடன் செல்லாது என்பது கம்பெனித் தரப்பின் வாதம். 1856இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விதியைப் படிக்கும் வங்கிக்குத் தெரிவது என்ன? கடன் வாங்கத் தடை இல்லை, ஒரு தீர்மானம் இருந்தால் வாங்கலாம் என்பது. அந்தத் தீர்மானம் நிறைவேறியதா என்று கூட்ட அறைக்குள் போய்ப் பார்க்க வங்கிக்கு வழியும் இல்லை, கடமையும் இல்லை. நிறைவேறியிருக்கும் என்று நம்பிக்கொள்ள அதற்கு உரிமை உண்டு.

இந்திய நீதிமன்றங்களும் இதே வழியில்தான் போகின்றன. கான்பூரும் நம்மைப் போலத் தோல் ஊர்தான். அங்கே லட்சுமி ரத்தன் பருத்தி ஆலை ஒன்றரை லட்சம் ரூபாய்க் கடனுக்கு, “போர்டு தீர்மானம் இல்லை” என்று காரணம் சொன்னது. அலகாபாத் உயர்நீதிமன்றம் 1957இல் வெளிவந்த தீர்ப்பில் அதை ஒதுக்கித் தள்ளியது. தீர்மானம் போடுவது ஆலையின் வீட்டு வேலை. போடாமல் விட்ட குறையைக் காட்டி, பணம் கொடுத்தவரைத் துரத்த முடியாது.

ஒரு கடனின் கதை

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்ப்போம். இனி சொல்லப்போவது நான் கட்டிய உதாரணம். எந்த ஷாப்பையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை.

பேரணாம்பட்டில் ஒரு பிரைவேட் லிமிடெட் தோல் ஷாப்பு. அண்ணன் நிர்வாக டைரக்டர், தம்பி டைரக்டர். ராணிப்பேட்டையில் ரசாயனம் விற்கும் இன்னொரு கம்பெனி அவர்களுக்குப் பல வருடங்களாகச் சரக்குக் கொடுத்துவருகிறது. ஏற்றுமதி ஆர்டர் ஒன்று வருகிறது. வெட் ப்ளூ வாங்க அவசரமாக 40 லட்சம் வேண்டும் என்று அண்ணன் கேட்கிறார். ரசாயனக் கம்பெனி கடனாகக் கொடுக்கிறது. (கொடுப்பவர் தனி ஆளாக இருந்தால் டெபாசிட் விதிகள் குறுக்கே வரும், அந்தச் சிக்கல் வேண்டாம் என்றுதான் கொடுப்பவரையும் கம்பெனி ஆக்கினேன்.) ஷாப்பின் ஆர்ட்டிகிள்ஸ் இரண்டு விஷயம் சொல்கிறது. டைரக்டர்கள் 25 லட்சம் வரை தாங்களாகவே கடன் வாங்கலாம், அதற்கு மேல் போனால் பொதுக்கூட்டத்தில் சாதாரணத் தீர்மானம் வேண்டும். கடன் பத்திரத்தில் நிர்வாக டைரக்டரும் இன்னொரு டைரக்டரும் கையெழுத்திட வேண்டும்.

ஆர்டர் ரத்தாகிறது, ஷாப்பு நொடிக்கிறது, அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோகிறது. தம்பி வந்து, “பொதுக்கூட்டமே நடக்கவில்லை, கடன் செல்லாது” என்கிறார்.

பத்திரத்தில் இருவர் கையெழுத்தும் இருந்தால் தம்பியின் பேச்சு எடுபடாது. சாதாரணத் தீர்மானம் பொதுவாகப் பதிவாளரிடம் போகாது, கம்பெனியின் கூட்டக் குறிப்பேட்டில்தான் கிடக்கும். வெளியாள் கண்ணுக்கு அது எட்டாது. எட்டாத ஒன்று ஒழுங்காக நடந்திருக்கும் என்று நம்பியதற்காக அவரைத் தண்டிக்க மாட்டார்கள். 40 லட்சத்துக்கும் ஷாப்பு பொறுப்பு.

இப்போது ஒரே ஒரு சொல்லை மாற்றுங்கள். ஆர்ட்டிகிள்ஸ் ‘சாதாரணத் தீர்மானம்’ என்பதற்குப் பதில் ‘சிறப்புத் தீர்மானம்’ கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவே தலைகீழாகப் போகக்கூடும். சிறப்புத் தீர்மானத்தை 117ஆம் பிரிவின்படி 30 நாளுக்குள் MGT-14 படிவத்தில் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் அது இணையதளத்தில் தெரியும். தெரியவில்லை என்றால், நடக்கவில்லை என்றே நீங்கள் சந்தேகித்திருக்க வேண்டும். ரங்கூனிலிருந்து பிரிவி கவுன்சிலுக்குப் போன இர்வின் வழக்கில் 1877இலேயே இந்தக் கோடு போடப்பட்டுவிட்டது. பதிவு செய்ய வேண்டிய தீர்மானத்தைப் பற்றி, பதிவேட்டைப் பார்க்காமல் “நடந்திருக்கும் என்று நம்பினேன்” என்று சொல்ல முடியாது. ஆக, ஆர்ட்டிகிள்ஸைப் படிக்கும்போது ‘தீர்மானம்’ என்ற இடத்தில் நிற்காதீர்கள். எந்தத் தீர்மானம், அது பதிவாளரிடம் போகுமா போகாதா என்று பாருங்கள். போர்டு கூடிக் கடன் வாங்க எடுக்கும் முடிவைப் பப்ளிக் கம்பெனி பதிவு செய்ய வேண்டும். பிரைவேட் கம்பெனிக்கு 2015ஆம் ஆண்டு அறிவிப்பு அதிலிருந்து விலக்குத் தந்திருக்கிறது. ஒரே காகிதம் ஒரு கம்பெனியில் வெளியே தெரிவது, இன்னொன்றில் உள்ளே இருப்பது.

அடுத்து கையெழுத்துக்கு வருவோம். தீர்மானம் எல்லாம் சரியாக இருக்கிறது, பத்திரத்தில் அண்ணன் மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இந்த இடத்தில் நம் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு காத்திருக்கிறது: 1934ஆம் ஆண்டின் கோட்லா வெங்கடசாமி வழக்கு. அந்தக் கம்பெனியின் ஆர்ட்டிகிள்ஸ், பத்திரங்களில் நிர்வாக டைரக்டர், செயலாளர், செயல் டைரக்டர் ஆகிய மூவரும் கையெழுத்திட வேண்டும் என்றது. ஒரு பெண்மணி அடமானப் பத்திரத்தை ஏற்றுக்கொண்டு பணம் கொடுத்தார். பத்திரத்தில் செயலாளர், செயல் டைரக்டர் என இருவர் கையெழுத்துதான் இருந்தது. அவர் நல்லெண்ணத்தோடு கொடுத்திருக்கலாம், பணம் கம்பெனிக்கே செலவாகியிருக்கலாம் என்பதையெல்லாம் நீதிமன்றம் பேசியது. ஆனாலும் பத்திரம் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆர்ட்டிகிள்ஸைப் புரட்டியிருந்தால் மூன்றாவது கையெழுத்து வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்பதே காரணம்.

டர்குவாண்ட் வழக்கில் வங்கி தப்பித்தது, இந்தப் பெண்மணி தோற்றார். இரண்டு வழக்கிலும் குறை கம்பெனியின் பக்கம்தான். ஆனால் ஒன்றில் குறை அறைக்குள் இருந்தது, மற்றொன்றில் பத்திரத்தின் முகத்திலேயே இருந்தது. கையில் பிடித்திருக்கும் காகிதத்தையும் பதிவாளரிடம் இருக்கும் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிகிற குறைக்கு, வெளியாளே பொறுப்பு. இந்தத் தீர்ப்பு கடுமையானது என்று பலர் குறை கூறுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் கடன் கொடுப்பவர் அதை எதிர்பார்த்தே பத்திரம் எழுத வேண்டும்.

கோட்பாடு எங்கே கைவிடும்

வெளியாளுக்கு உள்நிர்வாகக் கோட்பாடு துணை வராத இடங்கள் சில உண்டு. அதே 40 லட்சத்தை வைத்தே பார்க்கலாம்.

ரசாயனக் கம்பெனியை நடத்துபவர் ஷாப்பிலும் ஒரு டைரக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் இது அபூர்வம் இல்லை. மாமா இங்கே, மருமகன் அங்கே. இவர் வெளியாள் அல்ல. கூட்டம் நடந்ததா இல்லையா என்பது அவருக்குத் தெரியும், தெரிந்திருக்க வேண்டும். 1888இல் பேட்டன்ட் ஐவரி கம்பெனியின் டைரக்டர்களே தங்கள் கம்பெனிக்குக் கடன் கொடுத்தார்கள். 1,000 பவுனுக்கு மேல் பொதுக்கூட்ட ஒப்புதல் வேண்டும், கொடுத்ததோ 3,500. ஆயிரத்துக்கு மட்டும்தான் கம்பெனி பொறுப்பு என்றது நீதிமன்றம். உறவுக்குள் பணம் புரள்கிற தொழிலில் இதை மறக்கக் கூடாது. நெருங்கியவர் என்பதாலேயே, வெளியாளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம்.

இரண்டாவது, தம்பியின் கையெழுத்தை அண்ணனே போட்டிருந்தால்? 1906இல் கிரேட் ஃபிங்கால் கம்பெனியின் செயலாளர், டைரக்டர்களின் கையெழுத்தைத் தானே போட்டுப் பங்குச் சான்றிதழ் ஒன்றைத் தயாரித்து, அதைக் காட்டிக் கடன் வாங்கினார். கம்பெனி பொறுப்பல்ல என்றது பிரபுக்கள் சபை. முறையாக நடந்திருக்கும் என்று நம்பிக்கொள்ளலாம். ஆனால் இல்லவே இல்லாத கையெழுத்தை இருப்பதாக ஆக்க எந்தக் கோட்பாட்டாலும் முடியாது. அதனால் இருவரையும் உங்கள் எதிரில் உட்காரவைத்து, சாட்சியோடு கையெழுத்து வாங்குவதுதான் வழி. ஒருவர் கையெழுத்தை இன்னொருவர் “வீட்டில் வாங்கி அனுப்புகிறேன்” என்று எடுத்துப் போகவிடுவதில்தான் பல வழக்குகள் தொடங்குகின்றன.

மூன்றாவது, சந்தேகம் வரவேண்டிய இடத்தில் கேட்காமல் இருப்பது. “ஷாப்பு கணக்கில் போடாதீர்கள், என் சொந்தக் கணக்கில் போடுங்கள்” என்று அண்ணன் சொன்னால் அங்கேயே நிறுத்த வேண்டும். கம்பெனிக் காசோலைகளைத் தன் சொந்தக் கணக்கில் போட்ட ஒரே டைரக்டரை எதுவும் கேட்காமல் விட்டதற்காக 1924இல் இங்கிலாந்தில் ஒரு வங்கியே பொறுப்பேற்க நேர்ந்தது. அயோத்திப் பகுதியில் 1942இல் ஆனந்த் பிஹாரி லால் வழக்கில், கம்பெனியின் சொத்தை அதன் கணக்காளர் எழுதிக்கொடுத்தார். கணக்காளருக்கு அப்படி ஓர் அதிகாரம் வழக்கமாக இருப்பதில்லை. அதிகாரம் கொடுத்த பத்திரம் எங்கே என்று வாங்கியவர் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லி அந்த மாற்றத்தையே நீதிமன்றம் ஏற்கவில்லை.

இதற்காகப் பத்து பீப்பாய் ரசாயனத்துக்கு ஆர்டர் வரும்போதெல்லாம் ஆர்ட்டிகிள்ஸைப் புரட்டச் சொல்லவில்லை. சரக்கு வாங்குவது நிர்வாக டைரக்டரின் அன்றாட வேலை. பல வருடம் அவரே ஆர்டர் கொடுத்து, கம்பெனியும் பணம் கட்டிவந்திருந்தால், அந்த வழக்கமே அவருடைய அதிகாரத்துக்குச் சான்று. கடன், அடமானம், ஜாமீன், நிலம் என்று அன்றாடத்தைத் தாண்டும்போதுதான் ஏட்டைத் தேட வேண்டும்.

நோக்கம் என்ற சுவர்

இதுவரை பேசியது எல்லாம் டைரக்டர்களின் எல்லை மீறல். கம்பெனிக்கு அதிகாரம் உண்டு, அதை எடுத்துச் செய்தவர்கள் முறை தவறினார்கள். பங்குதாரர்கள் கூடிப் பின்னால் ஒப்புக்கொண்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும். கம்பெனிக்கே அதிகாரம் இல்லையென்றால் கதை வேறு. அங்கே போர்டு, பொதுக்கூட்டம், அனைவரின் சம்மதம் எதுவும் உதவாது. 1875இல் ஆஷ்பரி வழக்கில் பிரபுக்கள் சபை இதைத் தீர்மானமாகச் சொன்னது. ரயில் பெட்டி செய்யப் பிறந்த கம்பெனி பெல்ஜியத்தில் ரயில்பாதை போடும் வேலைக்கு ஒப்பந்தம் செய்தது. பங்குதாரர்கள் ஒப்புதல் தந்தாலும் அது உயிர் பெறாது என்றது தீர்ப்பு.

நமக்கு இன்னும் நெருக்கமான வழக்கு சென்னையிலேயே நடந்தது. யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரோடு சேர்த்துப் பேசப்படும் கம்பெனி. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937இல் தொடங்கியவர் அவர். 1954இல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் மறைந்தார். அவர் நினைவாக ஓர் அறக்கட்டளை அமைக்க முடிவாகி, 1955 ஜூலை 15 அன்று பங்குதாரர்களின் சிறப்புப் பொதுக்கூட்டம், தங்கள் லாபப் பங்குக் கணக்கிலிருந்து 2 லட்சம் ரூபாயை அதற்கு நன்கொடையாகத் தர ஒப்புதல் அளித்தது. காப்பீட்டு அறிவு உட்படத் தொழில்நுட்ப, வணிகக் கல்வியை வளர்ப்பது அறக்கட்டளையின் நோக்கங்களில் ஒன்று. மெமோராண்டத்திலும் தர்ம காரியத்துக்கோ பொதுப் பயன் தரும் காரியத்துக்கோ பணம் தரலாம் என்று எழுதியிருந்தது. முறைப்படி பார்த்தால் எந்த ஓட்டையும் இல்லாத காரியம்.

அடுத்த ஆண்டு ஆயுள் காப்பீடு தேசியமயமானது. கம்பெனியின் இடத்துக்கு வந்த எல்.ஐ.சி., பணத்தைத் திருப்பிக் கேட்டது. தீர்ப்பாயம் எல்.ஐ.சி. பக்கம் நின்றது. மேல்முறையீடு உச்சநீதிமன்றத்துக்குப் போய், ‘லட்சுமணசுவாமி முதலியார் எதிர் எல்.ஐ.சி.’ என்ற பெயரில் 1962 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பணம் திரும்பியே ஆக வேண்டும்.

காரணங்கள்தாம் நமக்குப் பாடம். நோக்கம் வேறு, அந்த நோக்கத்தை அடைய எடுத்துக்கொள்ளும் அதிகாரம் வேறு என்றது நீதிமன்றம். நன்கொடை தரலாம் என்பது அதிகாரம். காப்பீட்டுத் தொழிலுக்கு அது துணையாக இருந்தால்தான் அதைப் பயன்படுத்தலாம். அறக்கட்டளையின் நோக்கங்கள் விரிந்து கிடந்தன. காப்பீட்டுக்கு ஒரு பைசா கூடச் செலவிடாமல் முழுத் தொகையையும் வேறு வழியில் செலவிட முடியும். கம்பெனிக்கும் அந்த நன்கொடைக்கும் இடையில் பிடிப்பான தொடர்பு இல்லை. “எங்கள் லாபப் பணத்தை நாங்கள்தானே கொடுத்தோம்” என்ற வாதமும் நிற்கவில்லை. லாபப் பங்கு அறிவிக்கப்படும்வரை அந்தக் கணக்கில் இருப்பது கம்பெனியின் பணம். பங்குதாரர் பணம் அல்ல. வரம்பு கடந்த செயலை எல்லாப் பங்குதாரர்களும் சேர்ந்து கை தூக்கினாலும் செல்லுபடியாக்க முடியாது.

நல்ல காரியம், நல்ல மனிதர்கள், முறையான தீர்மானம். உள்நிர்வாகம் சுத்தமாக இருந்தும் சுவரைத் தாண்ட முடியவில்லை.

நம் பகுதியில் இந்தச் சுவரில் யார் மோதக்கூடும்? சாதாரணத் தோல் ஷாப்பின் மெமோராண்டத்தை இப்போதெல்லாம் தாராளமாக எழுதுகிறார்கள். தோல், காலணி, ஏற்றுமதி, அவற்றுக்குத் துணையான எல்லாம் என்று அடுக்கிவிடுவார்கள். அங்கே ஆபத்து குறைவு. குறுகிய நோக்கத்தோடு பிறந்த கம்பெனிகளில்தான் கவனம் வேண்டும். வாணியம்பாடியில் வானிடெக், ஆம்பூரில் ஆம்பூர்டெக், ராணிப்பேட்டையில் ரானிடெக் என்று, தோல் ஷாப்புகள் சேர்ந்து கழிவுநீரைச் சுத்திகரிக்கக் கம்பெனிகளை அமைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த மாதிரியில் ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர்களின் கழிவுநீரைச் சுத்திகரிப்பதே அதன் நோக்கம் என்று மெமோராண்டம் சொல்கிறது. உறுப்பினர் ஒருவருக்கு நீங்கள் 20 லட்சம் கடன் தருகிறீர்கள், சுத்திகரிப்புக் கம்பெனி ஜாமீன் நிற்கிறது. போர்டு தீர்மானம் இருக்கிறது, பொதுக்கூட்டத்தில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை, எல்லாக் கையெழுத்தும் சரி. ‘ஜாமீன் தரலாம்’ என்ற வரிகூட மெமோராண்டத்தில் இருக்கிறது. இருந்தும், ஓர் உறுப்பினரின் தனிக் கடனுக்கும் கழிவுநீர் சுத்திகரிப்புக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அந்த ஜாமீன் காகிதம்தான். இன்றைய சட்டத்தின் 4ஆம் பிரிவும் நோக்கத்தையும் அதை முன்னெடுத்துச் செல்லத் தேவையான காரியங்களையும்தான் மெமோராண்டத்தில் எழுதச் சொல்கிறது.

இங்கிலாந்து இந்தக் கடுமையை விட்டுவிட்டது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நோக்கம் தாண்டியது என்ற ஒரே காரணத்துக்காகக் கம்பெனியின் செயலை அங்கே செல்லாததாக்க முடியாது. இலங்கையின் 2007ஆம் ஆண்டுச் சட்டமும், பதிவாளரிடம் ஏடு இருக்கிறது என்பதற்காகவே வெளியாளுக்கு அது தெரியும் என்று கருதக் கூடாது என்கிறது. இந்தியா அந்த வழியில் இன்னும் போகவில்லை. கொழும்பில் சரக்கு விற்பவருக்குக் கிடைக்கும் நிம்மதி பேரணாம்பட்டில் விற்பவருக்கு இல்லை. சட்டம் மாறினால் நல்லது. மாறும்வரை ஏட்டைப் படிப்பது நம் வேலை.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்களுக்கு

கூட்டம் முடிந்ததும் சிலர் தனியாக வந்து, “கொடுத்தாகிவிட்டதே, இப்போது என்ன செய்ய?” என்று கேட்பீர்கள். அதற்கான பதிலை எல்லாருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

குறை டைரக்டர்கள் முறை தவறியதில் இருந்தால், அதாவது தீர்மானம் விடுபட்டது, கையெழுத்து ஒன்று குறைந்தது போன்றவை, கம்பெனி நல்ல நிலையில் இருக்கும்போதே சரிசெய்துகொள்ளுங்கள். பொதுக்கூட்டத்தில் அந்தக் கடனை ஏற்றுக்கொள்ளும் தீர்மானத்தை நிறைவேற்றச் சொல்லி, அதன் சான்று நகலை வாங்கிக்கொள்ளுங்கள். பத்திரத்தை ஆர்ட்டிகிள்ஸ் கேட்கிற எல்லாக் கையெழுத்தோடும் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள். சொத்து அடமானம் இருந்தால் அந்தப் பொறுப்பு CHG-1 படிவத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். 30 நாளுக்குள் பதிவாக வேண்டியது அது. பதிவாகாத அடமானத்தைக் கம்பெனி கலைக்கப்படும்போது கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கடன் இருக்கும், முன்னுரிமை போய்விடும். நொடித்த பிறகு அண்ணனும் தம்பியும் சேர்ந்து உங்களுக்காகக் கூட்டம் போடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

குறை நோக்கத்தில் இருந்தால் பின்தேதியிட்ட மருந்து கிடையாது. 13ஆம் பிரிவின்படி சிறப்புத் தீர்மானம் போட்டு மெமோராண்டத்தை மாற்றலாம். அது பதிவான பிறகு செய்யும் புதிய ஒப்பந்தத்துக்குத்தான் அது உதவும், பழையதற்கு உயிர் வராது. பழைய பணத்துக்கு ஒப்பந்தத்தின் பேரில் வழக்குப் போட முடியாது. பேசிய வட்டியும் கிடைக்காது. பணமோ அதில் வாங்கிய பொருளோ அடையாளம் தெரியும்படி கம்பெனியிடம் இருந்தால், அதைப் பின்தொடர்ந்து கேட்கலாம். உங்கள் பணத்தால் கம்பெனி தன் உண்மையான பழைய கடனை அடைத்திருந்தால், அந்தக் கடனைக் கொடுத்தவர் இடத்தில் நின்று அந்த அளவுக்குக் கேட்க வழியுண்டு. ஒப்பந்தம் செல்லாதது என்று பின்னால் தெரியவந்தால், பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒப்பந்தச் சட்டத்தின் 65ஆம் பிரிவையும் வக்கீல்கள் துணைக்கு அழைப்பார்கள். மேலே சொன்ன ஜாமீனுக்கு இதெல்லாம் பயன்படாது. அந்தப் பணம் சுத்திகரிப்புக் கம்பெனியின் கைக்கு வரவே இல்லை. அங்கே பின்தொடர எதுவும் இல்லை. உறுப்பினரை மட்டும்தான் துரத்த வேண்டியிருக்கும்.

அதனால் பெரிய தொகைக்கு முன் மூன்று கேள்விகளை இந்த வரிசையிலேயே கேளுங்கள். இந்தக் காரியம் மெமோராண்டத்தின் நோக்கத்துக்குள் வருகிறதா? வராவிட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள். வந்தால், ஆர்ட்டிகிள்ஸ் கேட்கும் தீர்மானமும் கையெழுத்தும் எவை, அவற்றில் வெளியே தெரிய வேண்டியவை தெரிகின்றனவா? மூன்றாவதாக, உங்கள் எதிரில் நடப்பதில் இயல்புக்கு மாறாக ஏதாவது இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் திருப்தியான பதில் கிடைத்தால், உள்ளே கூட்டம் நடந்ததா, கோரம் இருந்ததா, குறிப்பேட்டில் ஏறியதா என்ற கவலைகளை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. அவை கம்பெனியின் கவலை. தம்பி நீதிமன்றத்தில் என்ன சொன்னாலும் உங்கள் 40 லட்சம் நிற்கும்.